"மழையாக்கும் சார்"

நாகர்கோவிலில், தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். எங்களுக்குச் சரக்கு தருபவர், ஈத்தாமொழிப் பக்கம் களம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். ஐப்பசியில் அவரை அழைத்துச் சரக்கு என்னவாயிற்று என்று கேட்டால், "மழையாக்கும் சார்" என்பார். பிறகு சற்று நேரம் பேசமாட்டார். கழுவிய நார்க்கழிவு காயவில்லை, ஈரத்தோடு அழுத்தினால் கட்டியில் பூஞ்சை பிடிக்கும், ஆகையால் இரண்டு வாரம் தள்ளிப்போகும் என்ற முழுச் செய்தியும் அந்தச் சொல்லிலும் மௌனத்திலும் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே செய்தியை நெதர்லாந்தில் இருந்த வாங்குநருக்கு 2ஆம் தேதி மின்னஞ்சலில் தெரிவித்தேன். அதாவது, தெரிவித்ததாக நினைத்தேன். "இங்கே கனமழை பெய்து வருகிறது, இருப்பினும் எங்களால் இயன்ற அனைத்தையும் செய்து வருகிறோம்" என்று எழுதியிருந்தேன். "தகவலுக்கு நன்றி, 12ஆம் தேதிக் கப்பலில் சரக்கு ஏறும் என எடுத்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. புரிந்துகொண்டும் நம்மை நெருக்குகிறார் என்று நான் கருதினேன். அவரோ நான் எழுதியதை எழுதியபடியே படித்திருந்தார்: மழை ஒரு செய்தி, முயற்சி இன்னொரு செய்தி, தாமதம் என்ற சொல் எங்குமே இல்லை.

தூத்துக்குடியில் கப்பல் தவறியபின் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "ஏறாது என்று உங்களுக்கு எந்த நாளில் தெரியும்?" 2ஆம் தேதியே தெரியும். மழைக்காக அவர் கோபப்படவில்லை. லாரிகளை மாற்றவும் தம் விவசாயிகளுக்குச் சொல்லவும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பத்து நாள்களை என் பணிவு விழுங்கியிருந்தது.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் கொடுத்தார். செய்தியின் பெரும்பகுதி பேசுவோரின் உறவிலும் சூழலிலும் பொதிந்திருந்தால் அது சூழல் செறிந்த தொடர்பு; எல்லாம் சொற்களிலேயே வைக்கப்பட்டால் சூழல் குறைந்த தொடர்பு. அவர் ஜப்பானியரைச் சூழல் செறிந்த பக்கத்திலும் ஜெர்மன் மொழி பேசும் சுவிஸ் மக்களைச் சூழல் குறைந்த பக்கத்திலும் வைத்தார். நாடுகளை இப்படி வரிசைப்படுத்துவதற்கு உறுதியான அளவீடு இல்லை என்ற விமர்சனமும் உண்டு. எனக்கும் நாட்டைவிட ஆள்தான் முக்கியமாகப் படுகிறது. அந்த வாங்குநரும் இருபது ஆண்டு உடன் வேலை செய்தவருக்கு அரை வரியில்தான் எழுதுவார். அவருக்கும் எனக்கும் இடையே பொதுவாக இருந்தது ஓர் ஒப்பந்தத் தாள் மட்டுமே. களத்தையோ ஐப்பசியையோ அவர் கண்டதில்லை. தொலைபேசியிலாவது ஒரு மௌனம் கேட்கும், மின்னஞ்சலில் அதுவும் போய்ச் சேராது.

இன்று அதே கடிதத்தை எழுதினால், பொருள் வரியிலேயே கப்பல் தேதி மாறியதைச் சொல்வேன். உள்ளே இப்படி இருக்கும்: "12ஆம் தேதிக் கப்பலில் இந்தச் சரக்கு ஏறாது. ஒப்பந்தப்படி ஈரப்பதம் 18 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இன்று 27 இருக்கிறது. அடுத்த கப்பல் 26ஆம் தேதி. அது உங்களுக்கு ஏற்புடையதா என்று 5ஆம் தேதி மாலைக்குள் தெரிவிக்கவும். பதில் வந்தபின்தான் இடம் பதிவு செய்வோம்." முதன்முறை இப்படி எழுதியபோது 'ஏறாது' என்ற சொல்லை நான்கு முறை அழித்தேன். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வருத்தம் தெரிவிக்கும் வரியை இப்போதும் எழுதுகிறேன், ஆனால் தேதிக்குப் பிறகு. முன்னால் வைத்தால் தேதி அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

அந்தப் பழக்கம் முற்றிப்போய், ஒருமுறை அண்ணாச்சிக்கும் அதே பாணியில் அனுப்பினேன்: "19ஆம் தேதி மாலை 4 மணிக்குள் சரக்கு வராவிட்டால் ஆர்டர் ரத்து செய்யப்படும்." இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் அழைத்து, "நம்மள நம்பல்லியா சார்?" என்றார். அவருக்குத் தெரிந்ததையே நான் எழுத்தில் போட்டது, தெரியாதவர் என்று அவரைச் சொன்னதாக ஆகிவிட்டது. நேரில் போய், களத்து ஓரம் நின்று காயாத குவியலைப் பார்த்துவிட்டு, தேதியைப் பற்றிப் பேசாமலே திரும்பினேன். சரக்கு 18ஆம் தேதியே வந்தது.

இப்போதெல்லாம் அண்ணாச்சி "மழையாக்கும்" என்றால், தொலைபேசியை வைப்பதற்கு முன், "அப்போ 26ஆம் தேதிக் கப்பலுக்கே சொல்லிரட்டுமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்பேன். "சொல்லுங்க" என்பார். பிறகு கணினியின் முன் உட்கார்ந்து, அந்த ஒற்றைச் சொல்லை ஆறு வாக்கியங்களாக எழுதத் தொடங்குவேன்.