பயாஸ் பேட்டரி தீர்ந்தால் போவது தேதி மட்டுமல்ல

நீடாமங்கலம் பக்கத்தில் என் மச்சான் உரக்கடை வைத்திருக்கிறார். குறுவைக்கு விதையும் டிஏபியும் மும்முரமாக விற்கிற சமயத்தில், கடைக் கம்ப்யூட்டர் பில்லில் 2012 ஜனவரி 1 என்று தேதி அடிக்க ஆரம்பித்தது. தேதியைத் திருத்தி வைத்தால் கடை சாத்தும்வரை ஒழுங்காக ஓடும். மறுநாள் காலையில் பழையபடி 2012. அந்த நிலையில் பிரவுசரைத் திறந்தால் ஒரு தளமும் வராது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுமா என்று கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை வைத்துத்தானே பார்க்கிறது!

பகலில் சரி, ராத்திரியில் போய்விடுகிறது என்பதிலேயே விடை பாதி இருந்தது. ஷட் டவுன் செய்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடிக்கொள்ளும். மச்சானோ இடி மின்னலுக்குப் பயந்து, கடை சாத்தும்போது மெயினையே அணைத்துவிடுவார். அதன்பிறகு விடியும்வரை கடிகாரத்துக்கு ஆதரவு போர்டில் இருக்கும் வட்டமான CR2032 செல் ஒன்றுதான். (நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தப்பினால் செல்லைச் சந்தேகிக்க வேண்டாம். அது பெரும்பாலும் டைம் ஸோன் கோளாறு, இல்லையென்றால் லினக்ஸும் விண்டோஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதால் வரும் குழப்பம்.)

தேதியோடு போயிருந்தால் மச்சான் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். ஒருநாள் `CMOS Checksum Error` என்று காட்டி F1 அழுத்தச் சொன்னது. அழுத்தியதும் நீலத்திரையில் `INACCESSIBLE_BOOT_DEVICE`. ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபார்மட் அடிக்கணும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற பயாஸின் அமைப்புகளைக் காப்பதும் இதே செல்தான். அது கைவிட்டதும் எல்லாம் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. இந்தப் பழைய போர்டில் அந்த அமைப்புப்படி, டிஸ்க்கோடு பேசும் முறையைச் சொல்லும் SATA Mode என்பது IDE. விண்டோஸ் போட்டதோ AHCI என்ற இன்னொரு முறையில். அதனால் டிஸ்க்கை அதற்கு அடையாளம் தெரியவில்லை. Del அழுத்தி பயாஸுக்குள் போய் AHCI-க்கு மாற்றி F10-இல் சேமித்ததும் விண்டோஸ் வந்துவிட்டது. அந்தப் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்தேன்.

செல்லைச் சோதிக்கக் காலையில், மெயினைப் போடுமுன் போனேன். ராத்திரி முழுக்கச் சுமை தாங்கிய பிறகு அளந்தால்தான் அதன் உண்மை நிலை தெரியும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை செல்லின் மேல்பரப்பிலும் கறுப்பை கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்தேன். 2.2 வோல்ட். கழற்றி மேஜையில் கொஞ்ச நேரம் வைத்து அளந்தால் 2.65.

“மூணுக்கு 2.65 இருக்கே மச்சான், முக்காவாசிக்கு மேல மிச்சம் இருக்குதானே?” என்றார்.

கணக்கு அப்படிப் போகாது. இந்த லித்தியம் செல் தன் ஆயுளில் பெரும்பகுதியும் 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில்தான் சரசரவென்று இறங்கும். புதியது 3.2, 3.3 காட்டும். 2.7-க்குக் கீழே வந்துவிட்டால் உள்ளே சரக்கு தீர்ந்ததாகவே அர்த்தம். நம்பவைக்க, ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை செல்லின் இரு பக்கமும் தொடவைத்துச் சில நொடி அளந்து காட்டினேன். 2.65 மளமளவென்று 1.5-க்கு இறங்கியது. புதிய செல்லில் அதே ரெசிஸ்டர் வைத்தும் 3-க்குக் கீழே வரவில்லை. வாங்கும்போதே கடையில் அளந்துவிடுவது நல்லது. அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த சரக்கும் உண்டு. CR2025 கொடுத்தால் வேண்டாம்: அகலம் அதேதான், ஆனால் கனம் 3.2 மி.மீ.க்குப் பதில் 2.5, சாக்கெட்டில் தொடர்பு சரியாக இருக்காது. LIR2032 சார்ஜ் ஏற்றும் வகை, வோல்டேஜும் அதிகம், அதுவும் ஆகாது.

மாற்றுவது சின்ன வேலை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினட் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். சாக்கெட்டின் ஓரத்துக் கொக்கியைத் தள்ளியதும் பழையது தானே துள்ளி எழுந்தது. சாக்கெட் தகட்டில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, + குறி மேலே பார்க்கப் புதியதை அழுத்தினேன். பிறகு பயாஸில் தேதி, பூட் வரிசை, மறுபடி அந்த AHCI. போன் படம் அப்போது உதவியது. பழைய செல்லை இரு பக்கமும் டேப் ஒட்டி நானே எடுத்துக்கொண்டேன், கடையில் குழந்தைகள் நடமாட்டம் உண்டு. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிதான்.

வழக்கம்போல ராத்திரி மெயினை அணைக்கச் சொன்னேன். காலையில் விண்டோஸுக்குப் போகாமல் நேரே பயாஸில் நேரத்தைப் பார்த்தோம்; விண்டோஸ் இணையத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டு கோளாறை மறைத்துவிடக்கூடும். போன் நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தன. சில மாதங்களிலேயே புதிய செல்லும் 2.7-க்கு வந்தால், போர்டில் எங்கோ மின்கசிவு இருக்கிறது. அப்புறம் செல் மாற்றிப் பயனில்லை, போர்டைத்தான் பார்க்க வேண்டும் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.