எஸ்எஸ்டி அனுபவம் உண்டா என்று கேட்டால்

சென்னையில் கணக்குத் துறையில் இருந்துவிட்டுக் கோலாலம்பூரில் வேலை தேடுபவரை ஆள்சேர்ப்பு நிறுவனத்தார் பெரும்பாலும் முதலில் தொலைபேசியில்தான் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர் பல நேரம் கணக்காளர் அல்லர். கையிலுள்ள பட்டியலைப் பார்த்துக் கேட்டு, நம் பதிலைக் குறித்து நிதி மேலாளருக்கு அனுப்புபவர். அவர் எழுதும் குறிப்பு அடுத்த சுற்றில் மேலாளரின் கேள்விகளைத் தாங்குமா என்பதை நினைத்தே நான் பதில் சொல்வேன்.

என்னிடம் கேட்கப்பட்டது, எஸ்எஸ்டி எனப்படும் மலேசிய விற்பனை, சேவை வரிகளில் அனுபவம் உண்டா என்பது. மலேசியாவில் 2018 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டிக்குப் பதிலாக விற்பனை வரியும் சேவை வரியும் நடைமுறையில் உள்ளன. இந்தியாவில் மாதந்தோறும் GSTR-3B என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்து பழகியவருக்கு, எஸ்எஸ்டியும் இந்திய ஜிஎஸ்டியும் ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னவரிடம், வாங்கும்போது கட்டிய வரியை எப்படிக் கழிப்பீர்கள் என்று மேலாளர் கேட்டால் பதில் இராது. எஸ்எஸ்டி ஒரே கட்டத்தில் விதிக்கப்படும் வரி; இந்திய ஜிஎஸ்டியில் உள்ள உள்ளீட்டு வரிக் கழிவு இதில் கிடையாது.

ஆகவே நான் இப்படிச் சொன்னேன்: "மேடம், எஸ்எஸ்டி படிவத்தை நான் இதுவரை தாக்கல் செய்ததில்லை. இந்தியாவில் ஜிஎஸ்டி படிவத்தை நானே தயாரித்து, விற்பனைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துத் தாக்கல் செய்திருக்கிறேன். மலேசியாவில் எஸ்எஸ்டிக்கான SST-02 படிவம் பொதுவாக இரண்டு மாதங்களுக்கு ஒன்று என்பதையும், காலம் முடிந்த அடுத்த மாத இறுதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் படித்து வைத்திருக்கிறேன்." இல்லாததை முதலில் சொன்னதால் பின்னால் வந்ததை அவர் ஐயமின்றிக் கேட்டார் என்றே நினைக்கிறேன்.

எஸ்எஸ்டி வேலையைத் தனியாகச் செய்ய எவ்வளவு காலமாகும் என்றும் கேட்டார். ஒத்துப் பார்க்கும் வேலையை முதல் நாளிலிருந்தே செய்ய முடியும். எந்தச் சேவைக்கு வரி உண்டு, எதற்கு விலக்கு என்பதை முதல் படிவத்தின்போது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றேன். கேட்கும் உதவி எது என்பது தெளிவாக இருந்தால், அதைத் தர முடியுமா என்று நிறுவனமே முடிவு செய்துகொள்ளும்.

எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருளில் எத்தனை ஆண்டு அனுபவம் என்ற கேள்விக்கு வெறும் எண்ணைச் சொல்வது போதாது. அதன் FB60 திரையில் விற்பனையாளர்கள் அனுப்பும் பில்களைப் பதிந்தவரும் மாத இறுதிக் கணக்கை முடித்தவரும் அதே எண்ணைத்தான் சொல்வார்கள். ஆண்டைச் சொல்லி, பதிவு மட்டுமே செய்தேன், மாத முடிப்பை மற்றவர் செய்தார் என்றும் சேர்த்துச் சொன்னேன். "கொஞ்சம் தெரியும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரால் எதையும் குறித்திருக்க முடியாது.

அழைப்பு முடியுமுன், எஸ்எஸ்டிக்கு எதிரே என்ன குறித்திருக்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டேன். "அனுபவம் உண்டு" என்றிருந்தது. அதைத் திருத்தச் சொல்லி, நான் சொன்னதையே இரண்டு வரிகளாக அன்றே மின்னஞ்சலில் அனுப்பினேன்.