அத்தை பேசிய மலாய்

என் மாமியார் எங்களோடு நிரந்தரமாகத் தங்க மலேசியாவில் உள்ள கிள்ளானுக்கு வந்தபோது, மலாய் எழுதிப் படிக்கட்டும் என்று என் கணவர் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். அத்தை அதில் மளிகைக் கணக்கு எழுதினார். ஆனாலும் ஆப் வைத்துப் படித்த மகனைவிட அவர்தான் முன்னால் போய்விட்டார்.

முதல் பாடம் பழைய மரச்சாமான் கடையில் நடந்தது. பலகையில் இருந்த 'கெடாய்' என்ற சொல்லை நான் வாசித்ததும், "நம்ம கடைதானே, வால் கொஞ்சம் நீண்டிருக்கு" என்றார். உள்ளே போனால் கட்டிலுக்கு 'காத்தில்', மேஜைக்கு 'மேஜா', அலமாரிக்கு 'அல்மாரி'. அத்தை உரிமையோடு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். "எல்லாம் நம்மகிட்ட வாங்கிட்டுப் போனதுதான்."

கட்டிலும் கடையும் சரி, மேஜையும் அலமாரியும் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தவை என்றேன். அவர்கள் 1511ல் மலாக்காவைப் பிடித்தவர்கள். நம் கடற்கரையிலும் வியாபாரம் செய்தவர்கள். அத்தை அசரவில்லை. "அப்போ ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்ட வாங்கியிருக்கோம். பங்காளிதானே!"

குளிர்பெட்டியிடம்தான் வண்டி சற்று நின்றது. மலாயில் அது 'பெத்தி செஜுக்'. பெட்டி முன்னால், குளிர் பின்னால். நாம் 'பெரிய வீடு' என்பதை அவர்கள் 'வீடு பெரிய' என்பார்கள். அத்தை 'செஜுக்கு பெட்டி' என்று திருப்பிப் போட்டதோடு, கடைசி மெய்க்கு நம் வழக்கப்படி ஓர் உகரத்தையும் சேர்த்தார். அந்த 'க்' தொண்டையிலேயே நின்றுவிட வேண்டிய ஒலி. கடைக்கார மக் சிக்குக்கு (மலாய்க்காரர்கள் வயதான பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள், நாம் யாரையும் அத்தை, சித்தி என்பது போல) சிரிப்பு வந்தது, ஆனால் கை நேராகக் குளிர்பெட்டியைத்தான் காட்டியது.

வினைச்சொற்களில் அத்தைக்கு லாட்டரியே அடித்தது. மலாயில் வினை காலத்துக்குத் தகுந்தபடி மாறாது, ஆண்பால் பெண்பால் விகுதியும் கிடையாது. 'மாக்கான்' என்றால் சாப்பிடுவது, அவ்வளவுதான். முன்னால் 'சுடா' போட்டால் முடிந்துவிட்டது. "அட, நம்ம 'ஆச்சு'!" என்று கண்டுபிடித்தவர் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. சுடா மாக்கான், சாப்பிட்டாச்சு. சுடா மாண்டி, குளிச்சாச்சு. சுடா தீடோர், தூங்கியாச்சு. ஆகாததற்கு 'பெலும்', அதாவது 'இன்னும் இல்லை'. அடுத்த வீட்டு மக் சிக் வேலி வழியே "சுடா மாக்கான்?" என்று நலம் விசாரிக்கும்போதெல்லாம் அத்தை உண்மையாகவே "பெலும்" என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டில் சமைக்கிற வேலை பாதியாகக் குறைந்தது.

என் கணவர் தடுக்கி விழுந்த இடம் வேறு. ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்கிற பழக்கம் அவருக்கு. அடுத்த வீட்டுக்காரரிடம், "ஏசோக் காமி பெர்கி பாசார்" என்றார். நாளைக்குச் சேர்ந்து சந்தைக்குப் போவோம் என்று கூப்பிட்டாராம். அவரோ 'நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்று வாழ்த்திவிட்டு உள்ளே போய்விட்டார். 'காமி' என்றால் 'நாங்கள்', கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை. அவரையும் சேர்த்துச் சொல்ல 'கீத்தா', நம் 'நாம்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் விளக்கியதும் அத்தை மகனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நாங்கன்னு சொல்லிட்டு எப்படிடா அவன் வருவான்?"

ஆனால் தெரிந்த சொல் என்று எல்லாவற்றையும் நம்பவும் கூடாது. அந்த மரச்சாமான் கடையில் கட்டில், அலமாரி இரண்டுக்கும் சேர்த்து விலை 'திகா ராத்துஸ் லிமா பூலோ'. மூன்று நூறு, ஐந்து பத்து, ஆக 350 வெள்ளி. இந்த மாதிரி எண்கள் நாம் அடுக்குகிற மாதிரியே அடுக்கும், ஒன்றிலிருந்து பத்து வரையும் நூறும் தெரிந்தால் இந்த விலை புரிந்துவிடும். "போலே குராங்?" என்று அத்தை பேரம் ஆரம்பித்தார். 'குராங்' என்றால் குறைவு. நம் 'குறை'க்கும் அதற்கும் உறவில்லை, தற்செயல்தான் என்றால் அத்தை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மக் சிக் மசியவில்லை. அலமாரியைத் தூக்க வீட்டில் ஆள் உண்டா என்று அறியவோ என்னவோ, "சுவாமி மானா?" என்று கேட்டார். 'மானா' என்றால் எங்கே என்று அத்தைக்குத் தெரியும். சுவாமி எங்கே என்று ஒரு பெரியம்மா கேட்கிறார். அத்தை பக்தியோடு கண்ணை மூடி, விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார்.

மலாயில் சுவாமி என்றால் கணவர்.

மக் சிக் முகம் வாடிவிட்டது. "கசிஹான்" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயோ பாவம் என்று அர்த்தம். பிறகு அவராகவே கால்குலேட்டரில் 300 என்று தட்டிக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்த மாமனார் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"இது யார்?" என்று மக் சிக் கேட்டார்.

அத்தை 300 வெள்ளியை எண்ணி மேஜையில் வைத்துவிட்டு, "அபாங்" என்றார். மலாயில் அபாங் என்றால் அண்ணன்.