276 சென்ரிமீற்றர்

எங்கள் பௌதிகவியல் சேர் காலமானார் என்ற செய்தி தொலைபேசியில் வந்த இரவில், அவர் கற்பித்தவற்றுள் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஓர் எண்தான்: 276. அந்த எண்ணால் நான் வகுப்பின் முன்னே தலைகுனிந்து நின்றதை என் வகுப்பினர் மறந்திருக்க மாட்டார்கள். மணி அடித்த பின்னர் நடந்த மீதிப் பாதியை அவர்கள் அறியமாட்டார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்றைய செய்முறை அழுத்தமானி, ஒரு கலத்தின் மின்னியக்கவிசையைக் கம்பியின் நீளத்தால் அளக்கும் கருவி. பலகையில் நான்கு வரிசையாக ஓடிய 4 மீற்றர்க் கம்பிக்கு 2 வோல்ற்றுச் சேமிப்புக்கலத்தை இணைத்திருந்தோம். முதலில் தானியேல் கலத்தின் நேர்முனையைச் சேமிப்புக்கலத்தின் நேர்முனை இருந்த அதே அந்தத்தில் பொருத்தி, கம்பியின் இரு அந்தங்களிலும் தொடுசாவியை அழுத்திப் பார்த்தேன். கல்வனோமானியின் முள் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஓடியது. இரண்டிலும் ஒரே பக்கம் ஓடியிருந்தால், கலத்தின் முனைகள் மாறியிருக்க வேண்டும், அல்லது சேமிப்புக்கலம் வலுவிழந்திருக்க வேண்டும். 1.08 வோல்ற்றுத் தானியேல் கலம் 216 சென்ரிமீற்றரில், முள் அசையாது நிற்கும் சமநிலைக்கு வந்ததால், ஒரு சென்ரிமீற்றருக்கு 0.005 வோல்ற்று என்று கிடைத்தது. அடுத்து வைத்த இலெக்லாஞ்சிக் கலம் 290இல் சமநிலைக்கு வந்தது. அப்படியாயின் அதன் மின்னியக்கவிசை 1.45 வோல்ற்று.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அதே கலத்தை முன்னதாகவே ஒரு வோல்ற்றுமானியில் தொடுத்துப் பார்த்திருந்தேன், அது 1.38 காட்டியிருந்தது. கண்ணாடிக்குள் அச்சிட்ட அளவுகோலுடன் இருக்கும் கருவி பொய் சொல்லாது, வெறுங்கம்பியில் கையால் தேடிய அளவுதான் பிழைத்திருக்கும் என்று முடிவுகட்டி, கொப்பியில் 290ஐ வெட்டிவிட்டு 276 என்று எழுதினேன். 1.38ஐ 0.005ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

சேர் கொப்பியைப் பார்த்தார், திட்டவில்லை. "276இல் அழுத்தும்" என்றார். அழுத்தினேன். முள் விலகி ஓடியது. வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்த வோல்ற்றுமானியை எடுத்து இலெக்லாஞ்சிக் கலத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்து, "இப்ப அழுத்தும்" என்றார். முள் அசையவில்லை.

"நீர் எழுதினது சரியான விடைதான். ஆனால் வேற கேள்விக்கு."

வோல்ற்றுமானி தன் முள்ளைத் திருப்புவதற்கே கலத்திடமிருந்து மின்னோட்டம் வாங்குகிறது. அந்த ஓட்டம் கலத்தின் அகத்தடையைக் கடக்கும்போது மின்னியக்கவிசையில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிட, எஞ்சியதைத்தான் கருவி காட்டுகிறது. அழுத்தமானியின் சமநிலையிலோ, கம்பியின் அழுத்தம் கலத்தை அச்சொட்டாக எதிர்த்து நிற்பதால் கலத்தினூடாக ஓட்டமே இல்லை. ஆகவே அகத்தடை இருந்தும் எதுவும் இழக்கப்படுவதில்லை.

மணி அடித்தது. மற்றவர்கள் போனார்கள்; என்னை மறித்து, அந்த வோல்ற்றுமானியின் தடையை, தடைகளை ஒப்பிட்டு அளக்கும் நாற்புயப் பாலத்தில் அளக்கச் சொன்னார். இரண்டு புயங்களில் 100 ஓம், மூன்றாவதில் தடைப்பெட்டி, நான்காவதில் குற்றவாளியாகிய வோல்ற்றுமானி. கல்வனோமானியைக் காப்பதற்குத் தொடக்கத்தில் அதனுடன் பெருந்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, சமநிலையை நெருங்கியதும் அதை நீக்கினேன். பெட்டியில் 99 எடுத்தால் முள் இடப்புறமும் 101 எடுத்தால் வலப்புறமும் போனது; 100இல் நின்றது.

பாலத்துக்கு மின்தரும் கலம் இடையில் சற்றுத் தளர்ந்தாலும் கவலையில்லை. சமநிலை புயங்களின் விகிதத்தை மட்டுமே கேட்கிறது, தளர்ந்தால் முள்ளின் துடிப்புத்தான் குறையும். இந்த நிம்மதியுடன் அழுத்தமானியிடம் போனவனைச் சேர் நிறுத்தினார். அங்கே சேமிப்புக்கலம்தான் அளவுகோல். அது இறங்கினால் ஒவ்வொரு சென்ரிமீற்றரின் மதிப்பும் இறங்கிவிடும். தானியேல் கலத்தைத் திரும்பவும் வைத்தேன். 216 மாறவில்லை. மாறியிருந்தால் 290ஐயும் 276ஐயும் சேர்த்தே எறிந்திருக்க வேண்டும். பிறகு அந்த இரண்டுக்கும் இடையிலான 14ஐ 276ஆல் வகுத்து, வோல்ற்றுமானியின் தடையாகிய 100ஆல் பெருக்கச் சொன்னார். கலத்தின் அகத்தடை, ஏறக்குறைய 5 ஓம், என் மோசடி எண்ணிலிருந்தே வெளிவந்தது.

இங்கே எனக்கு வாய்த்த வேலையும் மானிகளோடுதான். என் மேசையிலுள்ள இலக்க வோல்ற்றுமானியின் உள்தடை 10 மெகா ஓம். அந்தக் கலத்தில் அது ஏற்படுத்தக்கூடிய இழப்பு ஒரு மைக்ரோவோல்ற்றுக்கும் குறைவு. எனக்கு நேர்ந்த அவமானம் இன்றைய பிள்ளைகளுக்கு வாய்க்காது. அவர்களின் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும்.

பரீட்சை முடிந்த கையோடு, சேரிடம் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டு வந்தேன். கொப்பி ஆய்வுகூட அலுமாரியில் தங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில், 276க்கு அருகே, சிவப்பு மையில் அவர் எழுதியிருந்தார்: "290ஐ ஏன் வெட்டினீர்?" கீழே விடைக்கு இரண்டு வரி விட்டிருந்தார். நான் நிரப்பவில்லை.