கேரக்டருக்கு ஸ்ப்ரைட் ஷீட்டா, ஸ்கெலிட்டலா? என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல கணக்கு போட்டு முடிவு பண்ண விதம்

ஃபைனல் இயர்ல கோடாட் 4 எஞ்சின்ல ஒரு 2டி கேம் பண்ணேன், ஒருத்தன் ஓடிக்கிட்டே காவலாளிங்கள அடிச்சுட்டு கோட்டையை தாண்டணும், அவ்ளோதான் கதை. கைடு மேடம் மொத ரிவ்யூலயே ரெண்டு கண்டிஷன் சொல்லிட்டாங்க. ஏபிகே 60 எம்பிக்கு மேல போகக்கூடாது, லேப்ல கிடக்கற 2 ஜிபி ரேம் போன்ல ஓடிக் காட்டணும். இந்த ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டேன், ஃபைலை சின்னதாக்கினா மெமரியும் தானா குறையும்னு. அங்கதான் ஒரு மாசம் போச்சு. அதே இடத்துல நீங்க மாட்டக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

மொதல்ல எல்லாமே ஸ்ப்ரைட் ஷீட்லதான் பண்ணேன், அதாவது ஒவ்வொரு அசைவையும் ஃப்ரேம் ஃப்ரேமா வரைஞ்சு பெரிய படத்துல அடுக்கறது. ஹீரோவுக்கு நிக்கறது, ஓடறது, குதிக்கறது, அடிக்கறது, அடி வாங்கறது, சாகறது எல்லாம் சேர்த்து 60 ஃப்ரேம், ஒவ்வொண்ணும் 512×512. காவலாளி மூணு பேர், ஆளுக்கு 40 ஃப்ரேம். பிஎன்ஜி ஃபைல் எல்லாத்தையும் கூட்டினா 14 எம்பிதான் வந்துச்சு, ஃப்ளாட் கலர் படம்ங்கறதால நல்லா சுருங்கிடுச்சு. ஏபிகேயும் கண்டிஷனுக்குள்ளதான் இருந்துச்சு, என் லேப்டாப்ல சூப்பரா ஓடுச்சு.

லேப் போன்ல போட்டா மூணாவது காவலாளி வர்ற இடத்துல கேம் சட்டுனு மூடி ஹோம் ஸ்க்ரீனுக்கு போயிடும். எரர் கிடையாது, ஸ்டாக் ட்ரேஸ் கிடையாது. ரெண்டு நாள் கோட்ல பக் தேடினேன். கோட்ல ஒண்ணும் இல்ல, மெமரி பத்தாம ஆண்ட்ராய்டே கேமை நிறுத்திருக்கு. எரரே இல்லாம, அதுவும் ஒரே இடத்துல இப்படி மூடிச்சுன்னா மொதல்ல மெமரியத்தான் பாருங்க. போனை கேபிள்ல மாட்டி, கேம் ஓடும்போதே இதை அடிச்சா போதும் (பேக்கேஜ் பேரு உங்களோடது):

```
adb shell dumpsys meminfo com.example.kottai
```

அதுல வர்ற `App Summary` சுருக்கத்துல `Graphics`னு ஒரு வரி இருக்கும், கேம் ஓட ஓட அது எவ்ளோ ஏறுதுன்னு பாருங்க. எந்த படம் எவ்ளோ தின்னுதுன்னு தெரியணும்னா கோடாட் டீபக்கர்ல `Video RAM` டேப்ல ஒவ்வொரு டெக்ஸ்சரா லிஸ்ட் வரும்.

அந்த லிஸ்ட்டை பார்த்தப்பதான் விஷயமே புரிஞ்சுச்சு. பிஎன்ஜி டிஸ்க்ல இருக்கற வரைக்கும்தான் சுருங்கி இருக்கும், ஜிபியூவுக்கு போகும்போது முழுசா விரிஞ்சுடும், ஒரு பிக்சலுக்கு 4 பைட், அந்த பிக்சல் வெறும் ட்ரான்ஸ்பரண்ட்டா இருந்தாலும் அதே 4 பைட். 512×512×4 போட்டா ஒரு ஃப்ரேமுக்கு சரியா 1 எம்பி. 2048×2048 ஷீட்ல 16 ஃப்ரேம் அடங்கும், ஒரு ஷீட் 16 எம்பி. ஹீரோவோட 60 ஃப்ரேமுக்கு 4 ஷீட், அதாவது 64 எம்பி. காவலாளிக்கு ஆளுக்கு 3 ஷீட், 48 எம்பி, மூணு பேருக்கு 144. மொத்தம் 208 எம்பி. டிஸ்க்ல வெறும் 14!

அப்புறம் இம்போர்ட் செட்டிங்ல `Lossless`ஐ `Lossy`னு மாத்தினேன். ஏபிகே இன்னும் குறைஞ்சுச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், ஆனா மெமரி அதே 208தான், ஏன்னா அந்த செட்டிங் டிஸ்க் சைஸை மட்டும்தான் தொடுது. சரின்னு `VRAM Compressed` போட்டு பார்த்தேன், ஆண்ட்ராய்டுல ஈடிசி2 ஃபார்மேட், பிக்சலுக்கு 1 பைட், 208 அப்படியே 52 ஆச்சு. ஆனா இப்ப ஏபிகே பெருத்துடுச்சு, ஃப்ளாட் கலர் படத்தை பிஎன்ஜி சுருக்கற அளவுக்கு இது சுருங்காது. அதோட கேரக்டரோட கறுப்பு அவுட்லைன்ல கட்டம் கட்டமா அழுக்கு தெரிஞ்சுச்சு. ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணு ஏறுது. ரெண்டுமே டைட்டா இருக்கும்போது செட்டிங் மாத்தி மட்டும் தப்பிக்க முடியாது, பிக்சல் எண்ணிக்கையே குறையணும்.

அதுக்குதான் ஸ்கெலிட்டல், ஆளை ஒரு தடவை மட்டும் வரைஞ்சு எலும்புக்கூடு மாதிரி கோர்த்து அசைக்கறது. நான் பண்ணது அதுல ரொம்ப சிம்பிளான வகை, கட்அவுட். தலை, உடம்பு, மேல்கை, முன்கை, தொடை, கால்னு 15 துண்டா வரைஞ்சு ஒரே 1024×512 படத்துல அடுக்கிட்டேன், 2 எம்பி. துண்டுகளை ஒண்ணுக்குள்ள ஒண்ணா `Sprite2D`யா கோர்த்து `AnimationPlayer`ல கீ போட்டேன். இங்க அனிமேஷன்ங்கறது வெறும் நம்பர், எந்த நேரத்துல எந்த துண்டு எத்தனை டிகிரி திரும்பணும்னு, அதோட சைஸை கணக்குலயே சேர்க்க வேணாம். காவலாளி மூணு பேருக்கும் ஒரே எலும்பு, ஒரே அனிமேஷன், ட்ரெஸ் மட்டும் வேற, ஆளுக்கு 2 எம்பி. ஆக 208 இருந்த இடத்துல 8. ஏபிகேயும் கூடவே குறைஞ்சுச்சு.

ஆனா சும்மா கிடைக்கல. மொத நாள் முழங்கை மடங்கினாலே நடுவுல ஓட்டை தெரிஞ்சுச்சு. ரெண்டு துண்டோட முனையையும் வட்டமா, ஒண்ணு மேல ஒண்ணு நல்லா ஏறி இருக்கற மாதிரி வரையணும், திரும்பற புள்ளி அந்த வட்டத்தோட நடுவுல இருக்கணும், அப்பதான் எந்த கோணத்துல மடக்கினாலும் ஒட்டி நிக்கும். இது தெரியாம வரைஞ்ச எல்லா கையையும் திரும்ப வரைஞ்சேன். இன்னொண்ணு, அடிச்சு முடிச்சு ஓட ஆரம்பிச்சா கை தூக்கின மேனிக்கே நிக்கும். ஓடற அனிமேஷன்ல அந்த மேல்கைக்கு கீயே போடலைன்னா பழைய போஸ் அப்படியே தங்கிடும். ஒவ்வொரு அனிமேஷனோட மொத ஃப்ரேம்லயும் எல்லா துண்டுக்கும் கீ போட்டுடுங்க.

ஹீரோ செத்து சுழன்று விழறது மட்டும் கட்அவுட்ல வரவே இல்ல. ஆள் முதுகை காட்டி திரும்பணும், துண்டை சுத்தினா அட்டை பொம்மை மாதிரிதான் இருக்கு. அதை மட்டும் 6 ஃப்ரேமா கையால வரைஞ்சு 256×256ல வெச்சுட்டேன், அகலம் உயரம் ரெண்டும் பாதியானா மெமரி கால்வாசி, 6 ஃப்ரேமும் சேர்ந்து ஒன்றரை எம்பிதான். வேகமா விழறதால மங்கல் கண்ணுக்கு தெரியல.

கேம்ல ஒரு காக்காவும் வரும், அதை மட்டும் ஷீட்லேர்ந்து மாத்தவே இல்ல. 96×96ல 8 ஃப்ரேம், மொத்தமே 288 கேபி, அதுக்கு எலும்பு கட்டறது வீண் வேலை. பிக்சல் ஆர்ட் பண்றவங்களும் ஷீட்லயே இருங்க. 48×48ல 60 ஃப்ரேம் போட்டாலும் 540 கேபிதான், அதை எலும்பு போட்டு சாய்ச்சா பிக்சல் கோணலாகி படமே கெட்டுடும்.

அதனால வரையறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனியா ரெண்டு நம்பர் எழுதுங்க: ஃப்ரேம் எண்ணிக்கை × அகலம் × உயரம் × 4 ஒரு பக்கம், துண்டெல்லாம் அடங்கற படத்தோட அகலம் × உயரம் × 4 இன்னொரு பக்கம். வித்தியாசம் ஒண்ணு ரெண்டு எம்பிதான்னா ஷீட்டே போதும்.

வைவாவுல எக்ஸ்டர்னல் சார் கேட்டதும் இதைத்தான். "ஏம்ப்பா, காவலாளிக்கு எலும்பு போட்ட நீ காக்காவுக்கு ஏன் போடல?"ன்னார். "288 கேபிதான் சார், அதை 8 துண்டா வெட்டினா மிச்சமாகறதும் ஒண்ணுமில்ல, ஒரு காக்காவுக்கு 8 துண்டு நகர்த்தற வேலைதான் சிபியூவுக்கு கூடும்"னு சொல்லி ரெக்கார்ட்ல இருந்த கணக்கை காட்டினேன். அந்த பக்கத்தை வாங்கி நிதானமா படிச்சுட்டு, போனை கையில எடுத்து மூணாவது காவலாளி வர்ற வரைக்கும் அவரே விளையாடினார்.