தாளில் வளைந்த கசவு, உடம்பில் ஏன் வளையவில்லை

ஃபேஷன் டிசைன் படிப்பில் நான்காம் செமஸ்டர் ஜூரிக்கு ஒரு வேலை தந்திருந்தார்கள். உடையைத் தரையில் விரித்துப் போட்ட மாதிரி நாமே வரைந்த பிளாட் ஸ்கெட்ச் ஒன்றை, ஒரு ஆள் போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவாகக் காட்ட வேண்டும். தைக்க வேண்டாம், போட்டோஷாப்பில் செய்தால் போதும். எனக்கு ஊர் கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை. கண்ணில் எப்போதும் படுவது கசவு என்கிற ஜரிகைக் கரை என்பதால், கீழே தங்கக்கரை ஓடுகிற ஏ-லைன் பாவாடை வரைந்தேன். முதல் ஜூரியில் அது தேறவில்லை. தப்பு போட்டோஷாப்பில் இருக்கிறது என்று ஒரு வாரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் தைக்கிற அக்காதான் ஸ்கெட்ச்சைப் பார்த்ததும் பிடித்தார். "கசவு வளையாது கண்ணு. தறியில நேரா ஓடுற கரை அது. நீ இங்க வில்லு மாதிரி போட்டிருக்கியே, இத எப்படி வெட்டுவ?"

விஷயம் அவ்வளவுதான். ஏ-லைன் பாவாடையின் கீழ் விளிம்பு வளைவாகத்தான் வெட்டப்படும். கரையோ துணியோடு சேர்த்து நெய்யப்பட்டது, நேர்கோட்டில்தான் இருக்கும். வளைவு வேண்டுமானால் கரையைத் தனியாக வெட்டி, அங்கங்கே மடித்து ஒட்டுப்போட வேண்டும். தாளில் வளைத்து வரைய எந்தத் தடையும் இல்லை, அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. வடிவத்தை மாற்றினேன். இடுப்பு 72 செ.மீ., கீழே 180 செ.மீ. நீளத்துக்கு நேர்த்துணி, மேலே சுருக்கு. கரை அப்படியே நேராகக் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்தது போட்டோ. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மடிப்புகளை நாம் வரைவதில்லை, போட்டோவில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஜீன்ஸ் போட்ட மாடலின் மேல் பாவாடையை ஒட்டினால் எந்த வித்தையும் காப்பாற்றாது. சித்தி மகளுக்கு அதே கனமுள்ள வெள்ளைப் பருத்தியில், கரையில்லாத சுருக்குப் பாவாடையை உடுத்தி, பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். கேமரா இடுப்பு உயரத்தில், ஆளிடமிருந்து தள்ளி, கொஞ்சம் ஜூம் செய்து. போனைக் கிட்டே கொண்டுபோனால் உருவத்தின் அளவே கெட்டுவிடும்.

பிறகு அளவு. பாவாடையின் நிஜ உயரம் 80 செ.மீ., போட்டோவில் அது 1600 பிக்சல். அப்படியென்றால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல், நிஜத்தில் 5 செ.மீ. இருக்கும் கரைக்கு 100 பிக்சல். என் ஸ்கெட்ச்சில் கரை பாவாடை உயரத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 10 செ.மீ. இரண்டு மடங்கு அகலமாக வரைந்து வைத்திருக்கிறேன்!

அகலத்திலும் ஒரு கண்ணி உண்டு. பிளாட்டில் இடுப்பு 36 செ.மீ. என்று காட்டுவோம், 72-இல் பாதி. உடம்பில் போட்டால் அந்த 36-உம் முன்னால் தெரியாது, பக்கவாட்டில் சுற்றிப் போய்விடும். நேராகப் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய 26 செ.மீ. தான். அதனால் டிசைனை மொத்தமாகச் சுருக்கக் கூடாது. நடுவை அப்படியே விட்டு, ஓரம் போகப்போக நெருக்க வேண்டும்.

மடிப்போடு கரையை ஓடவைக்க எல்லோரும் சொல்வது Filter > Distort > Displace. போட்டோவின் கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கொஞ்சம் மங்கலாக்கி PSD ஆகச் சேமித்துக் கொடுத்தால், வெளிச்சமான இடத்தில் டிசைன் ஒரு பக்கமும் இருளில் எதிர்ப்பக்கமும் நகரும். நடுச்சாம்பலில் அசையாது. மேல்சட்டையின் சின்னச் சுருக்கங்களுக்கு இது போதும், Scale அளவை 10-இல் தொடங்கிப் பாருங்கள். சுருக்குப் பாவாடைக்குப் போதாது. அங்கே துணி மடிப்புக்குள் போய் மறைந்து, வேறிடத்தில் வெளியே வருகிறது. Displace கோட்டை வளைக்கும், அறுக்காது. பாம்பு நெளிகிற மாதிரி கரை தெரிந்தால் கோளாறு இதுதான்.

அதற்குக் கைவேலைதான் வழி. கரையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்றாக வைத்து, Warp-இல் வளைத்து, மறைகிற இடத்தை மாஸ்க்கால் வெட்டினேன். இடுப்பு உயரத்துக் கேமரா கரையை விட மேலே இருப்பதால் முன்னால் துருத்திய மடிப்பில் கரை சற்றுக் கீழே இறங்கும், பள்ளத்தில் ஏறும். பதினோரு மடிப்பு, ஒரு முழு ராத்திரி.

லேயரை Multiply-இல் வைத்தால் வெள்ளைத் துணியின் நிழல் கரை வழியாகத் தெரியும். ஆனால் ஜரிகை மஞ்சள் சேறு மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் Multiply இருட்ட மட்டுமே செய்யும். மடிப்பு முகடுகளில் மட்டும் வெளிர்மஞ்சளை Screen-இல் லேசாகத் தடவினேன், பிறகுதான் மின்னியது.

இரண்டாவது ஜூரியில் ஒருவர் இடது ஓரத்தில் விரலை வைத்தார். "இங்க டிசைன் ஏன் நெருங்கியிருக்கு?" 36-ஐயும் 26-ஐயும் சொன்னேன். "கரை?" நேர்த்துணி, சுருக்கு என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.