பெயர் தெரியாது, பெயர் சொல்லமாட்டோம்

தொழிற்சாலையில் நடக்கும் தவறுகளைப் புகார் செய்வதற்கான கொள்கையை இந்த வாரம் தமிழாக்கினேன். என்னைத் தூங்கவிடாதது ஒரே ஒரு சொல்: 'ரகசியம்'. மூலத்தில் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்றில், விசாரிப்பவருக்கே பெயர் தெரியாது. மற்றதில், அவருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். பழைய தமிழ்ப் பிரதி இரண்டையும் 'ரகசியமாக' என்றே எழுதியிருந்தது. அதை நம்பித் தன் கைப்பேசியிலிருந்து அழைப்பவர், தன் எண் பதிவாவதை எப்படி அறிவார்?

ஆகவே இப்படிப் பிரித்தேன்: "பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்." "பெயர் சொன்னால், விசாரணைக்குத் தேவையானவர்களுக்கு மட்டுமே தெரியும்."

அதுவும் போதவில்லை. இரவு ஷிஃப்டில் மூன்று பேர் மட்டுமே இயக்கும் பிரஸ் இயந்திரத்தில் பாதுகாப்பு சென்சாரைத் துண்டித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புகாரில் "மேற்பார்வையாளர் நேற்று என்னை அதட்டினார்" என்று ஒரு வரி சேர்த்தாலே எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். எந்த இயந்திரம், எந்த நாள், என்ன நடந்தது என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். இந்த எச்சரிக்கை மூலத்திலேயே இல்லை, சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

புகாரை 'நல்லெண்ணத்துடன்' செய்யவேண்டும் என்ற வரியையும் மாற்றிவிட்டேன். "உண்மை என்று நம்பிச் சொன்னால் போதும், ஆதாரம் நீங்கள் தேடவேண்டியதில்லை."